100 எம்பிபிஎஸ் இருந்தும் கிளவுட் கேம் ஏன் திக்குகிறது?

என் வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94, 95 என்று காட்டும். அந்தத் தைரியத்தில் கிளவுட்டில் ஒரு ரேஸிங் கேமைத் திறந்தேன். முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் மோதியது. நான் திருப்பிய பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அது திரும்பியது. கோளாறு வேகத்தில் இல்லை என்று புரிய இரண்டு நாள் ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

1. பட்டன் போகும் வழி

கிளவுட் கேமிங்கில் கேம் ஓடுவது உங்கள் கருவியில் அல்ல, எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் கணினியில். நீங்கள் பட்டனை அழுத்தியதும் செய்தி அங்கே போகிறது. கேம் அடுத்த ஃபிரேமை வரைகிறது. அது வீடியோவாகச் சுருக்கப்பட்டு உங்களிடம் வருகிறது, உங்கள் கருவி அதை விரித்துக் காட்டுகிறது. இது நொடிக்கு 60 முறை நடக்கிறது. அதாவது ஒரு ஃபிரேமுக்கு சுமார் 16.7 மில்லி செகண்ட்.

இணையத்தில் படம் பார்க்கும்போது அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் இணைப்பு தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் அது நடக்காது. அடுத்த ஃபிரேம் நீங்கள் இனிமேல் அழுத்தப்போகும் பட்டனைப் பொறுத்தது. இல்லாத ஒன்றை எப்படிச் சேமித்து வைப்பது?

2. பேண்ட்வித்: இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்

என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் கேட்பது 720பி-க்கு 15 எம்பிபிஎஸ், 1080பி-க்கு 25. இரண்டும் 60 ஃபிரேமுக்கு. இதற்கு மேல் உங்களிடம் எவ்வளவு இருந்தாலும் தாமதம் குறையாது. கணக்கில் வைக்க வேண்டியது டேட்டா அளவுதான்: 25 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 11 ஜிபிக்கு மேல் போய்விடும்.

3. பிங்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

ஒரு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங். அதே சேவை தன் டேட்டா சென்டருக்கு 80 மில்லி செகண்டுக்குள் பிங் இருக்க வேண்டும் என்கிறது. 40-க்குள் இருந்தால் நல்லது. அந்த எண்ணை ஆப்பில் உள்ள நெட்வொர்க் டெஸ்ட் காட்டிவிடும். ஆனால் கெடுப்பது வெளியே உள்ள வழியா, வீட்டுக்குள் இருக்கும் வைஃபையா என்று அது சொல்லாது. அதற்கு ரவுட்டரை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ping -n 100 192.168.1.1
```

உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம். `ipconfig` என்று அடித்தால் `Default Gateway` என்ற வரியில் இருக்கும்.

எனக்கு வந்தது 3, 4, 3, 112, 5, 87, 4... ரவுட்டர் அடுத்த அறையில்தான் இருக்கிறது! சராசரியைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும், ஏமாறாதீர்கள். அந்த 112-இல் கிட்டத்தட்ட ஏழு ஃபிரேம் காணாமல் போகிறது. திக்கலாக நமக்குத் தெரிவது அதுதான். லேன் கேபிள் மாட்டியதும் எல்லா வரியும் 1 மில்லி செகண்டுக்கு வந்துவிட்டது. கேபிள் இழுக்க வழியில்லை என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடுங்கள்.

4. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது இன்னொரு முறை

கேபிள் மாட்டியும் சாயங்காலம் மட்டும் இழுத்தது. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு போன் தன் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. அப்லோடு நிரம்பினால் உங்கள் பட்டன் செய்தியும் அந்த வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். கண்டுபிடிக்க, வெளியே உள்ள ஒரு முகவரிக்கு பிங்கை ஓடவிட்டு, நடுவில் ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்யுங்கள்:

```
ping -t 1.1.1.1
```

எனக்கு 18-இல் இருந்தது 200-ஐத் தாண்டியது. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் வசதி இருந்தால், அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். வரிசை நீளாது. அந்த வசதி இல்லையா? விளையாடும் நேரத்தில் போட்டோ பேக்கப்பை நிறுத்தி வையுங்கள்.

இதெல்லாம் சரியாகியும் பிங் 80-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் டேட்டா சென்டர் தூரத்தில் இருக்கிறது. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும், அதுவும் போய்த் திரும்ப வேண்டும். பிளானை உயர்த்திக் காசைக் கரைக்காதீர்கள், தூரம் குறையாது.

5. சரி, இது யாருக்கு?

பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கதையுள்ள பெரிய கேம்களையோ, முறை வைத்து ஆடும் உத்தி கேம்களையோ வாரத்தில் சில மணி நேரம் ஆடுபவருக்கு நன்றாகப் பொருந்தும். 60 மில்லி செகண்ட் கூடினால் அவருக்கு உறைக்காது. சண்டை கேம்களில் ஃபிரேமை எண்ணி அடிப்பவர்கள், போட்டிக்காகத் துப்பாக்கிச் சுடும் கேம் ஆடுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். டேட்டாவுக்கு வரம்பு உள்ளவர்களும் அந்த 11 ஜிபியை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ரேஸிங்கை இப்போதும் கிளவுட்டில்தான் ஆடுகிறேன், கேபிளோடு. வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே திருப்பப் பழகிவிட்டேன்.