கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு: சீல் வைத்த ட்ரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே அனுப்ப வைப்பது எப்படி?

"அத்தான், கூரியர்க்காரன் குடுத்திட்டன் எண்டுறான். கனடாக்காரன் வரேல்லை எண்டுறான். எங்கை போயிருக்கும்?"

வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சாள் கேட்ட கேள்வி இது. உறை எங்கேயும் தொலையவில்லை. அது ரொறன்ரோவில்தான் இருந்தது, ஆனால் யாருடைய உறை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு நடந்ததை வைத்தே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். கனடா குடிவரவுக்காக வெஸ் நிறுவனத்திடம் பட்டத்தை மதிப்பிடக் கொடுப்பதைத்தான் உதாரணமாக எடுக்கிறேன், கொழும்பில் இப்போது அதிகம் பேர் செய்வது அதுதான். வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

சீல் வைத்தது வேறு, நேரடியாக வந்தது வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. பரீட்சைக் கிளையில் சீல் வைத்துக் கையில் தரும் உறையை நீங்களே தபாலில் போட்டால், உறையில் சீல் இருக்கும், ஆனால் அனுப்பியவர் நீங்கள். சில பல்கலைக்கழகங்கள் பிரிக்காத உறையாக இருந்தால் மாணவர் கையால் வந்தாலும் ஏற்கும். "நேரடியாகக் கல்வி நிறுவனத்திலிருந்து" என்று கேட்கும் இடத்தில் அது எடுபடாது. அவர்களுக்குத் தேவை, ஆவணம் நடுவில் விண்ணப்பதாரர் கையில் இருக்கவில்லை என்ற உறுதி. ஆகவே அனுப்புநர் இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் பட்டச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்துவது முற்றிலும் வேறு வேலை. மத்திய கிழக்கில் வேலைக்குப் போகிறவர்களிடம் பொதுவாக அதைக் கேட்பார்கள். பெறும் நிறுவனம் கேட்காவிட்டால் அதற்காக ஒரு நாளைச் செலவழிக்கத் தேவையில்லை.

முதலில் பெறும் இடத்தில் கோப்பைத் திறவுங்கள்

எங்கள் ஆட்கள் வழக்கமாக நேரே கம்பசுக்குத்தான் ஓடுவார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் வெஸ் தளத்தில் கணக்கைத் திறந்து விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அங்கே ஒரு குறிப்பு இலக்கம் கிடைக்கும். உங்கள் பட்டத்துக்கு எந்தெந்த ஆவணம் வேண்டும், அதில் எது பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும், எதை நீங்களே ஏற்றலாம் என்ற பட்டியலும் அந்தக் கணக்கில் தெரியும். பொதுவாக ட்ரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும், பட்டச் சான்றிதழின் பிரதியை நீங்கள் ஏற்றுவீர்கள். ஆனாலும் நண்பனின் பட்டியலைப் பார்த்து வேலை செய்ய வேண்டாம். உங்கள் கணக்கில் இருப்பதுதான் கணக்கு.

அனுப்ப வேண்டிய முகவரியையும் அங்கிருந்தே எடுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் போன அண்ணா வட்ஸ்அப்பில் அனுப்பிய முகவரி வேண்டாம், அலுவலகங்கள் இடம் மாறும்.

அதே இடத்தில் கல்வி நிறுவனத்துக்கான கோரிக்கைப் படிவம் ஒன்றைத் தரவிறக்கலாம். மேல் பாதியை நீங்கள் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும், உங்கள் பெறுபேறுகளை வெளியாருக்குக் கொடுக்கலாம் என்ற சம்மதம் அதில்தான் இருக்கிறது. கீழ்ப்பாதியைப் பல்கலைக்கழக அதிகாரி நிரப்புவார். இந்தப் படிவம் ட்ரான்ஸ்கிரிப்டுடன் ஒரே உறைக்குள் போக வேண்டும். மச்சாள் இதை வேண்டாத கடதாசி என்று வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

பெயர்: எங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி

எங்கள் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், சில இடத்தில் பின்னால் போகும், சில இடத்தில் ஒரு எழுத்தாகச் சுருங்கும். மச்சாள் கம்பசில் பதிந்தபோது சிவகுமாரன் தர்சினி. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த கடவுச்சீட்டில் தர்சினி கஜேந்திரன். வெஸ் கணக்கைக் கடவுச்சீட்டைப் பார்த்துத் திறந்தாள். (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், பிரச்சினை அப்படியே உண்மை.) கொழும்பில் இதைப் பார்க்கும் எவருக்கும் ஒரே ஆள் என்று உடனே விளங்கும். ரொறன்ரோவில் உறையைத் திறப்பவருக்கு இவர்கள் இரண்டு பெண்கள்.

ஆகவே அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எச் கூடியிருந்தாலும் குறித்து வையுங்கள். கணக்கில் முந்தைய பெயரைப் போட இடமிருந்தால் கம்பஸ் பெயரை அங்கே அப்படியே போடுங்கள். கல்யாணத்தால் மாறியதென்றால் விவாகச் சான்றிதழ் போதும். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுங்கள். முதலெழுத்து விரிந்ததும் சுருங்கியதும்தான் வித்தியாசமென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். அதோடு, பல்கலைக்கழகக் கடிதத்திலும் "இப்போதைய பெயர் இது" என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில அதிகாரிகள் போடுவார்கள், சிலர் பதிவேட்டில் உள்ளதை மட்டும்தான் எழுதுவார்கள்.

பல்கலைக்கழகத்தில்

சில இடத்தில் பரீட்சைக் கிளை கொடுக்கும், சில இடத்தில் உங்கள் பீடத்தின் உதவிப் பதிவாளர் அலுவலகம். போவதற்கு முன் ஒரு கோல் எடுத்து எது என்று கேளுங்கள். கொழும்பில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ படித்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், ஒரு கடதாசி குறைந்தால் இன்னொரு இரவு பஸ்.

விண்ணப்பப் படிவத்தில் பதிவிலக்கம், சுட்டெண், பட்டம் பெற்ற ஆண்டு கேட்பார்கள். பணத்தை வங்கியில் கட்டச் சொன்னால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள். இரண்டு பிரதி கேளுங்கள்: ஒன்று சீல் வைத்து அனுப்ப, மற்றது திறந்தபடி உங்களுக்கு. இந்த இரண்டாவது பிரதி ஆடம்பரம் இல்லை. சீல் வைத்த உறைக்குள் இருப்பதை நீங்கள் பார்க்கப் போவதில்லை. ஒரு செமெஸ்டர் விடுபட்டிருந்தால், றிப்பீட் எடுத்த பாடத்தின் புதிய பெறுபேறு ஏறாமல் இருந்தால், அதைக் காட்டித் தருவது இந்தப் பிரதிதான். முதலில் அதை வாங்கிப் பார்த்துச் சரியென்ற பிறகு மற்றதைச் சீல் வைக்கச் சொல்வது இன்னும் நல்லது.

அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பட்டம் வழங்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா, எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்று போட்டிருக்கிறதா என்பது. பெறுபேறு வந்து பட்டமளிப்பு விழா நடக்கும்வரை எங்கள் நாட்டில் பல மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் எடுத்த ட்ரான்ஸ்கிரிப்டில் பாடங்கள் எல்லாம் இருக்கும், பட்டம் இருக்காது. மதிப்பிடுபவர் அதைப் படிப்பு முடியாத ஆளுடையது என்று எடுக்கக்கூடும்.

கவுண்டரில் கொடுக்கும் கடிதத்தில் குறிப்பு இலக்கத்தையும் முழு முகவரியையும் தட்டச்சில் கொடுங்கள். பிறகு கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள்: "மிஸ், இந்த நம்பரை உறைக்கு வெளியிலயும் எழுதி விடுவீங்களா?" மச்சாளின் முதல் உறையில் எந்த இலக்கமும் இல்லை. உள்ளே படிவமும் இல்லை, பெயரும் வேறு. அவளை அந்த உறையோடு சேர்க்க அங்கே ஒரு நூல்கூட இருக்கவில்லை.

மூல பட்டச் சான்றிதழை மட்டும் உறைக்குள் வைக்கக் கொடுக்க வேண்டாம். அனுப்பிய கடதாசிகளை வெஸ் பொதுவாகத் திருப்பித் தராது.

உறையும் கூரியரும்

உறை பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்டதாக இருக்க வேண்டும். ஒட்டிய மடிப்பின் மேல், பாதி மடிப்பிலும் பாதி உறையிலும் விழும்படி றப்பர் முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் வர வேண்டும். மடிப்பைத் தூக்கினால் முத்திரை கிழிய வேண்டும், அதுதான் அதன் வேலை. முத்திரை ஓரத்தில் தனியாக விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே பணிவாகச் சொல்லித் திருத்துங்கள்.

பல்கலைக்கழகமே பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கூரியரில் அனுப்பச் சம்மதித்தால் செலவை நீங்கள் ஏற்கலாம், ஆனால் கூரியர் பற்றுச்சீட்டில் அனுப்புநராகப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும். கூரியர் ஆளைக் கிளைக்கே வரவழைத்து எடுக்க வைப்பது மிகவும் பாதுகாப்பு. அவர் உள்ளே என்ன என்று பார்க்கக் கேட்பார், உறையைத் திறக்க விட வேண்டாம். ட்ரான்ஸ்கிரிப்ட் என்று சொல்லி, திறந்த பிரதியைக் காட்டினால் பெரும்பாலும் விடுவார்கள். சீல் வைத்த உறை அப்படியே கூரியரின் பிளாஸ்டிக் பைக்குள் போகும்.

மின்னஞ்சலில் அனுப்புவதைப் பற்றியும் கேட்பீர்கள். பெறும் நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து அப்படி ஏற்குமா என்பதை அதன் தளத்தில் பாருங்கள். ஏற்றாலும் அது `.ac.lk` என்று முடியும் அலுவலக முகவரியிலிருந்து போக வேண்டும். கிளையில் உள்ள ஒருவர் உதவி மனத்தோடு தன் சொந்த ஜிமெயிலில் அனுப்பினால் அது கணக்கில் வராது.

போய்ச் சேர்ந்த பிறகு

கூரியர் தளம் கொடுத்தாயிற்று என்று சொன்ன அன்றே உங்கள் கணக்கில் மாற்றம் தெரியாது. உறையைத் திறந்து, படமெடுத்து, உங்கள் கோப்பில் சேர்க்க நாளெடுக்கும். இரண்டு வாரம் தாண்டியும் அசைவில்லையென்றால் கணக்கின் வழியாக எழுதுங்கள்: குறிப்பு இலக்கம், கூரியர் இலக்கம், கொடுத்த திகதி, பல்கலைக்கழகத்தின் பெயர், ட்ரான்ஸ்கிரிப்டில் உள்ள பெயர் அதே எழுத்துக்களில். "என் ஆவணம் எங்கே" என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

மச்சாள் எழுதியும் மூன்று வாரம் பதில் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் இரண்டாவது உறை அனுப்பினோம். இந்த முறை வெளியே இலக்கம், உள்ளே படிவம், கணக்கில் விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. அது கிடைத்த ஒன்பதாம் நாள் கணக்கில் ட்ரான்ஸ்கிரிப்ட் ஏற்கப்பட்டதாகக் காட்டியது.

மதிப்பீட்டு அறிக்கை கனடா குடிவரவுக்கு வழங்கிய நாளிலிருந்து ஐந்து வருடம் செல்லும். ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பெறுபேறு இரண்டு வருடம்தான். அதனால் கம்பஸ் வேலையை முதலில் தொடங்கி, உறை போய்ச் சேர்ந்த பிறகு பரீட்சைக்குத் திகதி போடுங்கள்.