பல் முளைக்கும் ஜெல் வாங்கும் முன் அட்டையைத் திருப்புங்கள்

ஜெல் அட்டையில் பென்சோகெய்ன், லிடோகெய்ன் (லிக்னோகெய்ன் என்றும் இருக்கும்), கோலின் சாலிசிலேட், இந்த மூன்றில் எது இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம், கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். வாய்ப்புண்ணுக்குப் பெரியவர்கள் தடவும் ஜெல்களில் பெரும்பாலும் இவைதான் இருக்கும், வீட்டில் இருக்கிறதே என்று அதையே குழந்தையின் ஈறில் தடவிவிடுவதுதான் வழக்கமான சிக்கல்.

பென்சோகெய்ன் அரிதாக ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகும் திறனையே கெடுத்துவிடும், உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறும். அதனால்தான் 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. லிடோகெய்ன் அதிகமாக உள்ளே போனால் வலிப்பு வரலாம், இதயம் பாதிக்கலாம். கோலின் சாலிசிலேட், குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாத ஆஸ்பிரினின் உறவு. இத்தனைக்கும் எச்சிலில் ஜெல் சில நிமிடத்தில் கரைந்துபோகும், பலன் அவ்வளவுதான். சுத்தமான ஈரத்துணியைக் குளிர்சாதனப் பெட்டியில் (ஃப்ரீசரில் அல்ல) வைத்துக் கடிக்கக் கொடுங்கள், அல்லது கழுவிய விரலால் ஈறைத் தேய்த்துவிடுங்கள்.

கிரைப் வாட்டரில் ஆல்கஹால், சர்க்கரை, சோடியம் பைகார்பனேட் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வேண்டாம். ஆனால் 6 மாதத்துக்குள் என்றால் இவை இல்லாத கிரைப் வாட்டரும் தேவையில்லை, தாய்ப்பாலே போதும்.

மருத்துவர் குழந்தையைப் பார்த்து எழுதிக் கொடுத்த மருந்துக்கு இது பொருந்தாது. அப்புறம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பச்சை வாந்தி, பால் குடிக்காமை இருந்தால் பல் முளைக்கிறது என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.