பேனா தொங்கும், போன் உட்காரும்: சட்டை மாற்றிய படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணிவிழா அழைப்பிதழுக்கும் பிளக்ஸ் பேனருக்கும் படம் கொடுக்க வருகிறவர்கள், கட்டம் போட்ட சட்டையில் எடுத்த படத்தைக் கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தரச் சொல்வது வழக்கம். முகத்தையும் கழுத்தையும் வைத்துக்கொண்டு கீழே ஒரு சட்டையை ஃபோட்டோஷாப்பில் பொருத்துவது ஸ்டுடியோக்களில் அன்றாட வேலை. காலர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் படத்தை அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் படத்தில் சட்டைப்பையில் பேனா இல்லையென்றால், வீட்டார் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். ‘பேனா இல்லாமல் அப்பாவைப் பார்த்ததே இல்லை’ என்பார்கள். நியாயமான குறை அது. அப்படி ஒருவருடைய படத்தையே எடுத்துக்கொள்வோம். நீலக் கட்டம் போட்ட சட்டை, அதன் பையில் ஒரு பேனாவும் ஒரு செல்போனும் இருக்கின்றன. இரண்டும் புதுச் சட்டைக்கு மாற வேண்டும்.

முதல் தவறு, பழைய சட்டையோடு சேர்த்து இரண்டையும் அழித்துவிட்டு, இணையத்தில் கிடைத்த வேறொரு பேனாவைக் கொண்டுவந்து ஒட்டுவது. அந்தப் பேனாவுக்கு வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும், முகத்துக்கு வேறொரு பக்கமிருந்து வரும். சட்டையில் கை வைக்கும் முன்பே பேனாவையும் போனையும் தனித்தனி லேயராக வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு பேனாவின் கிளிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் பழைய சட்டையின் நீலம் பிரதிபலித்திருக்கும். வெள்ளைச் சட்டைக்குப் போனதும் அந்த நீலம்தான் ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும். கிளிப்பில் மட்டும் நிறச்செறிவைக் குறைத்தால் போதும்.

அடுத்தது, ஆகப் பெரிய தவறு. பையை ஒரு கோட்டுச் சதுரமாக நினைத்து, அதன் மேல்விளிம்பில் இரண்டு பொருளையும் கத்தரித்து நிறுத்துவது. பைக்கு முன்துணி உண்டு, பின்னால் சட்டையின் துணி உண்டு, நடுவில் இடம் உண்டு. லேயர்களும் அதே வரிசையில் இருக்க வேண்டும். கீழே புதுச் சட்டை, அதன் மேல் பையின் உள்நிழல், அதன் மேல் போனும் பேனாவின் தண்டும், அதற்கும் மேல் பையின் முன்துணி. முன்துணியைப் பெறுவது எளிது. புதுச் சட்டையில் பையைத் தையலோரமாகத் தேர்வு செய்து `Ctrl+J` அழுத்தினால் தனி லேயராகிவிடும். பேனாவின் கிளிப்போ இந்த முன்துணிக்கும் மேலே வர வேண்டும். தண்டு உள்ளே, கிளிப் வெளியே, நடுவில் துணி. ஆகவே பேனாவை இரண்டு லேயராகப் பிரிக்காமல் இந்த வேலை முடியாது. கிளிப்பும் பைக்குள் போய்விட்ட படங்களைப் பேனர்களில் நிறையப் பார்க்கலாம். பேனா எதில் மாட்டியிருக்கிறது என்றே அவற்றில் தெரியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை தெளிவாகிவிடும். பேனா பையின் வாயில் தொங்குகிறது; போன் பையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. பேனாவுக்குப் பையின் ஆழம் ஒரு பொருட்டே அல்ல. கிளிப் தொடங்கும் இடம்வரைதான் அது உள்ளே போகும். எனவே வாய்க்கு மேலே மூடியின் நுனி மட்டும் தெரியும், அழுத்தும் வகைப் பேனா என்றால் அதன் பொத்தானும் சேர்ந்து தெரியும். பாதிப் பேனா வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பொய். போன் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையோ பையின் ஆழம்தான் முடிவு செய்கிறது. அதைக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

கணக்குக்கு அளவுகோல் சட்டையிலேயே இருக்கிறது. ஆண்கள் சட்டையின் முன்பொத்தான் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். நமது படத்தில், பொருத்திய சட்டையின் பொத்தான் 22 பிக்சல் உயரம் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு 20 பிக்சல். ஆள் சற்றுத் திரும்பி நின்றால் பொத்தானின் அகலம் சுருங்கித் தெரியும் என்பதால் உயரத்தையே அளக்க வேண்டும். பையின் வாயிலிருந்து அடிக்கூர் வரை 260 பிக்சல், அதாவது 13 சென்டிமீட்டர். போனின் உயரம் 16 சென்டிமீட்டர் என்று கொண்டால், 3 சென்டிமீட்டர் வெளியே தெரியும் என்று தோன்றும். ஆனால் கூர் அடியுள்ள பையில் போனின் மூலைகள் இருபுறச் சரிவிலேயே தட்டி நின்றுவிடும், கூர்வரை இறங்காது. 7.5 சென்டிமீட்டர் அகலப் போன் இதனால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்ந்தே நிற்கும். ஆக வெளியே தெரிய வேண்டியது சுமார் 4 சென்டிமீட்டர், 80 பிக்சல். அவசரத்தில் 160 பிக்சல் வெளியே வைத்தால், போன் பாதி பையிலும் பாதி காற்றிலும் நிற்கிறது என்று பொருள். குனிந்தால் விழுந்துவிடும் என்ற உணர்வு பார்ப்பவருக்கு வந்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

பழைய பை இதைவிட ஆழமாக இருந்திருந்தால், வெட்டி எடுத்த போனில் இந்த 80 பிக்சல் இருக்காது. அப்போது போனை இழுத்து நீட்டாதீர்கள். கேமரா வட்டங்கள் முட்டையாகிவிடும். ஓரம் நேராக இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் நகலெடுத்து நீட்டுங்கள்.

எடை அடுத்தது. இருநூறு கிராம் போன் உட்கார்ந்த பை, வெறும் பைபோல விறைப்பாக இருக்காது. மேல் இரண்டு மூலைகளிலிருந்து தோள்பட்டையை நோக்கி மெல்லிய இழுவை மடிப்புகள் ஓடும். போனின் பக்க விளிம்புகள் முன்துணியில் இரண்டு மங்கலான கோடுகளாகத் தெரியும். முகத்தின் உயரத்தில் கேமரா வைத்து எடுத்த படமாதலால் பையைச் சற்று மேலிருந்து பார்க்கிறோம். எனவே வாயின் விளிம்பு நடுவில் மூன்று நான்கு பிக்சல் கீழ்நோக்கி வளைய வேண்டும், போனுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு மெல்லிய இருட்டும் வேண்டும். வாயை நேர்கோடாக விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டிக்கர் ஒட்டியது போலவே இருக்கும். நிழல் லேயரை `Multiply` முறையில் வைத்து, நிறத்தைச் சட்டையின் சொந்த மடிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு நிழல் அழுக்காகத்தான் தெரியும். பேனாவுக்கு இவ்வளவு வேண்டாம்; கிளிப்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய நிழல் போதும்.

மெல்லிய வெள்ளைச் சட்டைக்கு மட்டும் இன்னொரு சங்கதி உண்டு. பை இருக்கும் இடத்தில் துணி இரண்டு மடங்கு. அதனால் வெறும் பை சட்டையின் மற்ற பகுதியைவிடக் கூடுதல் வெள்ளையாகத் தெரியும், உள்ளே போட்ட பனியனின் விளிம்பும் அங்கே மறையும். பைக்குள் வைத்த பொருளுக்கு முன்னால் ஒரே ஒரு துணிதான். கட்சித் தலைவரின் படத்தைப் பையில் வைத்துக்கொள்ளும் தொண்டர்களிடம் அந்த முகம் துணியை மீறித் தெரிவது இதனால்தான். எனவே முன்துணியை முழு மறைப்பாக விடாமல், கறுப்புப் போன் இருக்கும் இடத்தில் லேசான சாம்பல் செவ்வகமும், பேனாத் தண்டு இருக்கும் இடத்தில் மங்கிய கோடும் தெரியவிடுங்கள். பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஓரங்கள் கூர்மையாகவும் வேண்டாம். கதர் போன்ற தடித்த துணி என்றால் இந்த வேலையே தேவையில்லை.

வெளிச்சம் பொருந்தவில்லை என்று புதுச் சட்டையை இடவலமாகத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பினால் பை வலது மார்புக்குப் போய்விடும், பொத்தான் பட்டியும் வலப்பக்கம் மேலேறிப் பெண்கள் சட்டைபோல ஆகிவிடும். வெளிச்சத்துக்கு ஏற்ற வேறு சட்டையைத் தேடுங்கள். செல்ஃபி படம் என்றால் அது ஏற்கெனவே திரும்பியிருக்கவும் கூடும். பழைய சட்டையின் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, முதலில் படத்தை நேராக்கிவிட்டே வெட்டத் தொடங்குங்கள்.