மாரியில் கட்டுநாயக்கவுக்குப் போவது: விமானம் பிந்தினால், ரோடு மூடினால்

நவம்பர், டிசம்பரில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து வெளிநாடு போகிறவருக்கு இரண்டு வகைத் தாமதம் வரலாம். ஒன்று, மழையாலோ புயலாலோ விமானம் பிந்துவது. மற்றது, மனம்பிட்டியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடி நீங்கள் பிந்துவது. காரணம் ஒரே மழைதான், ஆனால் விமான நிறுவனம் இரண்டையும் வேறு வேறு கணக்கில்தான் எழுதும். விமானத்தை அவர்கள் நிறுத்தினால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள், அல்லது காசைத் திருப்புவார்கள். விமானம் கிளம்பி நீங்கள் போய்ச் சேராவிட்டால் அது நோ-ஷோ. பெரும்பாலான மலிவு டிக்கெட்டுகளில் வரியைத் தவிர வேறெதுவும் திரும்பாது. இந்த இரண்டாவது வலையில் விழாமல் இருக்கத்தான் இந்தச் செய்முறை.

டோஹாவுக்கு வேலைக்குப் போகிற தம்பி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விமானம் வியாழன் அதிகாலை 4 மணிக்கு. வீடு களுவாஞ்சிக்குடி.

படி 1: டிக்கெட்டில் யாருடைய நம்பர் இருக்கிறது?

நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிக்கெட்டை ஏஜென்சி போட்டிருந்தால் தொடர்பு எண்ணாக ஏஜென்சியின் நம்பரே இருக்கும். வெளிநாட்டுக் கம்பனி போட்டிருந்தால் அங்குள்ள அலுவலகத்தின் ஈமெயில் இருக்கும். விமானம் இரவு 11 மணிக்கு ரத்தானால் செய்தி அவர்களுக்குத்தான் போகும். ஏஜென்சி காலை கடை திறந்துதான் பார்க்கும்.

ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவுக் குறியீடு (PNR) டிக்கெட்டில் இருக்கும். விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் Manage Booking என்ற இடத்தில் அதையும் பாஸ்போட்டில் உள்ள கடைசிப் பெயரையும் போடுங்கள். உள்ளே போனதும் உங்கள் போன் நம்பரையும் ஈமெயிலையும் சேருங்கள். இலங்கை நம்பரை 0 இல் தொடங்காமல் +94 போட்டு எழுத வேண்டும். சில தளங்களில் பெயரை எப்படிப் போட்டாலும் திறக்காது. நமது பாஸ்போட்டுகளில் பெயர் பிரிந்திருக்கிற விதத்தால் வருகிற சிக்கல் இது. டிக்கெட்டில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைத்தான் கடைசிப் பெயர் என்று போட வேண்டும். அப்போதும் திறக்காவிட்டால் போன் எடுத்து நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்ரீலங்கன் என்றால் உள்நாட்டில் 1979.

படி 2: வருகிற விமானத்தைப் பாருங்கள்

தம்பியை ஏற்றப்போகும் விமானம் பெரும்பாலும் டோஹாவில் இருந்து வந்து, ஆளை இறக்கி, திரும்பிப் போகிற அதே விமானம்தான். அது கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியது இரவு 2.30 என்றால், பறக்கும் நேரம் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் என்பதால், நமது நேரப்படி இரவு 9.30 அளவில் டோஹாவில் கிளம்பியிருக்க வேண்டும். இதைப் பார்க்க எனக்குப் பிடித்தது, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் Flightradar24 தான். விமான நிலையத் திரையில் On Time என்று கிடந்தாலும், வருகிற விமானம் இன்னும் டோஹாவில் நின்றால் திரையை நம்பாதீர்கள்.

ஆனால் அதைப் பார்த்து வீட்டில் இருந்து முடிவெடுக்க முடியாது, அதுதான் நமது தூரத்தின் பிரச்சினை. நள்ளிரவு 1 மணிக்குக் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டுமென்றால் நல்ல ரோட்டிலேயே பின்னேரம் 4 மணிக்கு முன் வேன் எடுக்க வேண்டும். 9.30க்கு நீங்கள் தம்புள்ளையைத் தாண்டியிருப்பீர்கள். “விமானம் பிந்துதாம், ஆறுதலாகப் போவம்” என்று வீட்டில் இருப்பதும் சரிவராது. அறிவித்த தாமதத்தைக் குறைத்து விமானத்தை முன்னுக்கு இழுப்பதும் உண்டு.

படி 3: ரோட்டை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

கனமழை எச்சரிக்கை வந்துவிட்டால் புதன் பின்னேரம் கிளம்பாதீர்கள். செவ்வாய் பகலிலேயே போய் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள். அறை வாடகை புது டிக்கெட்டின் விலையில் சின்னத் துண்டு. ரயிலை இந்த நாட்களில் நான் கணக்கில் எடுப்பதே இல்லை. பாதையில் வெள்ளம் ஏறினால் முதலில் நிற்பது அதுதான்.

கிளம்பு முன் 117 இற்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, எடுத்து மனம்பிட்டிப் பக்கம் எப்படி என்று கேளுங்கள். அங்கே மகாவலி பெருகி ரோடு மூடினால் சிலர் செங்கலடியில் இருந்து பதுளைக்கு ஏறப் பார்ப்பார்கள். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும்போது மலை ரோடு வேண்டாம். அம்பாறையால் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய போய், மத்தளையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, கடவத்தை சுற்றி கட்டுநாயக்கவுக்கு வரலாம். சுற்றுத்தான், ஆனால் உயர்ந்த மலை இல்லை. இந்தப் பக்கமும் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நிற்கும், ஆகவே பகலில் போங்கள்.

படி 4: போய்ச் சேர முடியாது என்றால், செக்-இன் மூடுமுன் சொல்லுங்கள்

எல்லா ரோடும் மூடிவிட்டது. விமானமோ நேரத்துக்குப் போகிறது. இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: செக்-இன் மூடுமுன், முடிந்தால் பல மணித்தியாலம் முன்னமே, டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றச் சொல்வது. புயல் நாட்களில் பல நிறுவனங்கள் தேதி மாற்றும் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும். அந்தச் சலுகை எந்தெந்தத் தேதிப் பயணங்களுக்கு என்று தளத்தில் அறிவித்தல் போடுவார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சொல்லாமல் விட்டால் வருகிற கேடு அந்த ஒரு பயணத்தோடு நிற்காது. முதல் பயணத்துக்கு வராதவரின் தொடர் பயணங்களையும், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே கணினி ரத்தாக்கிவிடும். போன் கிடைக்காவிட்டால் தளத்திலேயே மாற்றிப் பாருங்கள், ஈமெயிலும் போடுங்கள். நேரத்தோடு எழுத்தில் ஒரு சாட்சி இருப்பது பிறகு வாதாட உதவும்.

படி 5: விமான நிலையத்தில்

மழை விட்டுவிட்டதே, ஏன் இன்னும் போகவில்லை என்று கவுண்டரில் சண்டை பிடிப்பதைப் பார்க்கலாம். இடிமின்னல் பக்கத்தில் இருந்தால் வெளியே வேலை செய்கிற ஆட்களை உள்ளே எடுத்துவிடுவார்கள், பெட்டி ஏற்றுவதும் எரிபொருள் நிரப்புவதும் நிற்கும். இறங்க முடியாத விமானம் மத்தளைக்கோ தென்னிந்தியாவுக்கோ திரும்பியிருக்கலாம். அங்கே காத்திருந்து விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டால் வேறு குழு வரும்வரை அது அசையாது. தாமதம் திடீரென்று ரத்தாக மாறுவது பல தடவை இதனால்தான். அதிகாலை மூடுபனி வேறு மாதிரி. வெயில் ஏறக் கலைந்துவிடும், அதனால் பெரும்பாலும் சில மணித்தியாலத் தாமதத்தோடு முடியும்.

வானிலைக்கு நட்டஈட்டுக் காசு எதிர்பார்க்காதீர்கள். சாப்பாட்டுக் கூப்பன் கேட்கலாம். ஹோட்டல், இடையில் மாறிப் போகிற ஆட்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு இங்கே இருந்து புறப்படுகிறவருக்குக் கிடைப்பதில்லை. வீடு கொழும்பில் இல்லை, மட்டக்களப்பில் என்று சொல்லிக் கேளுங்கள், சில இடத்தில் எடுபடும்.

குடிவரவு தாண்டிய பிறகு ரத்தானால் பாஸ்போட்டில் குத்திய புறப்பாட்டு முத்திரையை ரத்துச் செய்துகொண்டு, பெட்டியையும் எடுத்த பிறகே வெளியே வர வேண்டும். வேலைக்குப் போகிறவர் தாமதம் பற்றி ஒரு கடிதமும் வாங்க வேண்டும். வீசாவில் உள்ளே நுழைய வேண்டிய கடைசித் தேதி நெருங்கியிருந்தால் அதைக் கவுண்டரில் முதல் வசனமாகவே சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: சென்னை போய் அங்கிருந்து வேறு டிக்கெட்டில் போவதைப் பற்றிக் கல்முனையில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பில்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலுக்கும், 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் புயலுக்கும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். மாரியில் அந்த வழி போவதென்றால் ஒரே PNR இல் போடச் சொல்லுங்கள், இல்லையேல் இடையில் ஒரு முழு நாள் விடுங்கள்.