சங்கத்துப் பணமும் பொருளாளரும்: கணக்கு திறக்கும்போதே நடக்கும் தவறுகள்

எங்கள் நகரில் 60 வீடுகள். நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். கும்பாபிஷேகத்துக்காக வீடு வீடாக வசூலித்த பணத்தை, அப்போதைய பொருளாளர் தன் சொந்த சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். ஓய்வூதியம் வரும் அதே கணக்கு. எல்லோருக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை. ஒருநாள் காலையில் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் குடும்பத்தார் ஒரு ரூபாய்கூடத் தங்களுக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கில் இருந்த தொகையில் கோயிலுடையது எவ்வளவு, அவருடையது எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. ரசீது புத்தகங்களின் அடிக்கட்டைகளைத் தேடியெடுத்துக் கூட்டினோம். இரண்டு புத்தகங்கள் கிடைக்கவே இல்லை. துக்க வீட்டில் போய் உட்கார்ந்து பணக் கணக்கு பேச வேண்டிய நிலை. பணம் கோயிலுக்கு வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அடுத்த பொருளாளராக என்னைப் போட்டார்கள். அதன்பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் எழுதுகிறேன். எங்களுடையது நகரின் குடியிருப்போர் சங்கமே நடத்தும் கோயில். அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில் என்றால் பணம் வாங்கும் முறையே வேறு. அங்கே நன்கொடை கோயிலின் கணக்குக்குப் போய், கோயில் நிர்வாகத்தின் ரசீதுதான் தரப்பட வேண்டும்.

முதல் தவறு, மேலே சொன்னதுதான்: சங்கத்துப் பணத்தைத் தனிமனிதர் பெயரில் வைப்பது. ஒருவர் பெயர் போதாது என்று செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து ஜாயின்ட் அக்கவுன்ட் திறப்பதும் இதே தவறுதான். வங்கியைப் பொறுத்தவரை அது அந்த இரண்டு பேரின் பணம். வட்டி அவர்கள் பான் எண்ணில் ஏறும். பெரிய வசூல் என்றால் வருமான வரித் துறை கேள்வி கேட்பதும் அவர்களைத்தான். சங்கத்தில் பிளவு வந்தால், அது பொதுப் பணம் என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும்.

இதைத் தவிர்க்கச் சங்கத்தைப் பதிவு செய்துவிடுவது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், நிர்வாகிகள் பட்டியல், சங்கத்தின் பெயரில் பான் கார்டு, கணக்கு திறக்கச் செயற்குழு போட்ட தீர்மானத்தின் நகல், கையெழுத்துப் போடுபவர்களின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றை வங்கி கேட்கும். பதிவான சங்கத்துக்குச் சேமிப்புக் கணக்கே கிடைக்கும். கரன்ட் அக்கவுன்ட்தான் தருவோம் என்று கிளையில் சொன்னால் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். வட்டியும் கிடைக்கும், குறைந்தபட்ச இருப்புத் தொல்லையும் குறைவு. பான் கார்டில், பதிவுச் சான்றிதழில், ரப்பர் ஸ்டாம்பில் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘நகர்’, இன்னொன்றில் ‘நகர் விரிவு’ என்று இருந்ததற்காக நாங்கள் மூன்று வாரம் அலைந்தோம்.

அடுத்தது கையெழுத்து. இதில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். ‘தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் யார் வேண்டுமானாலும்’ என்று எழுதிக் கொடுப்பது ஒரு கோடி. ‘மூவரும் சேர்ந்து’ என்பது மறு கோடி. முதல் வகையில் ஒரே ஆள் முழுப் பணத்தையும் எடுக்கலாம். இரண்டாவது வகையில் ஒருவர் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போனால் வாட்ச்மேனுக்குச் சம்பளம் போகாது. அப்போதுதான் மிக ஆபத்தான வழக்கம் தொடங்குகிறது: ஊருக்குப் போகும் முன் பத்து செக்கில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது. அந்த நொடியே கூட்டுக் கையெழுத்து என்ற ஏற்பாட்டுக்கு அர்த்தம் போய்விடுகிறது. ஆகவே ‘மூவரில் எவரேனும் இருவர் கூட்டாக’ என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படியானால் ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது, வெற்றுச் செக்குக்கும் அவசியம் வராது.

அந்த மூவரையும் பதவியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே தொழிலில் பங்காளிகள் ஆகியோரில் இருவர் அதில் இருந்தால் அது நடைமுறையில் ஒரே கையெழுத்துதான். கணக்குத் தணிக்கை செய்பவரும் அதில் இருக்கக் கூடாது. இன்னொன்று: ரசீது எழுதிப் பணம் வாங்குபவரும் செக்கில் கையெழுத்திடுபவரும் முடிந்தவரை வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் வசூலைத் துணைச் செயலாளர் பார்க்கிறார், அவருக்குச் செக் அதிகாரம் கிடையாது. நல்ல மனிதர்மேல் வீண் பழி வராமல் இருக்கவும் இது உதவுகிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு ஓட்டை இருக்கிறது. செக்குக்கு இரண்டு கையெழுத்து கேட்டு வாங்கிவிட்டு, அதே விண்ணப்பத்தில் நெட் பேங்கிங் கட்டத்தில் டிக் அடித்துப் பொருளாளரின் செல்போன் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு ஓடிபி வந்தால் முழுப் பணமும் போகலாம் என்ற நிலையில் செக்கில் இரண்டு கையெழுத்து இருந்து என்ன பயன்? கூட்டாக இயக்கும் கணக்குக்குப் பொதுவாக ஏடிஎம் கார்டு தரமாட்டார்கள், அது நமக்கு நல்லதே. நெட் பேங்கிங் வேண்டுமென்றால் ‘பார்க்க மட்டும்’ என்று கேளுங்கள். அல்லது ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே பணம் நகரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் கணக்குக்குச் சங்கத்தின் பெயரிலேயே தனி சிம் வாங்கினோம். பொருளாளர் மாறினால் சிம் கை மாறும், எண் மாறாது.

வசூலுக்கும் இதே கவனம் வேண்டும். ‘என் ஜிபே நம்பருக்குப் போடுங்க, நான் மாத்திக்கிறேன்’ என்று தொடங்கினால் மறுபடியும் முதல் தவறுக்கே போய்விடுவோம். வங்கியிடம் சங்கக் கணக்கோடு இணைந்த கியூஆர் கேட்டு வாங்கலாம். அதில் பணம் உள்ளே வரும், வெளியே எடுக்க முடியாது.

சரி, கணக்கு எழுதுவதற்கு வருவோம். தவறு பெரும்பாலும் இங்கே நல்ல எண்ணத்தோடுதான் நடக்கிறது. ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா 500 ரூபாய். 52 வீடுகள் கட்டியதில் 26,000 ரூபாய் வசூல். 41 வீடுகள் கியூஆரில் 20,500, மீதி 11 வீடுகள் ரொக்கமாக 5,500. அந்த மாதம் பல்பு, துடைப்பம், குழாய் ரிப்பேர் என்று 1,640 ரூபாய் சில்லறைச் செலவு. கையிலுள்ள ரொக்கத்திலிருந்தே அதைக் கொடுத்துவிட்டு, மீதி 3,860-ஐ வங்கியில் கட்டுகிறோம். ஒரு பைசாகூடப் போகவில்லை. ஆனால் ரசீது புத்தகம் 5,500 என்கிறது, பாஸ்புக் 3,860 என்கிறது. ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், எந்த வித்தியாசம் எந்தச் செலவு என்று நமக்கே சொல்லத் தெரியாது.

வாங்கிய ரொக்கத்தை முழுசாக வங்கியில் கட்டுங்கள். சில்லறைச் செலவுக்குத் தனியாக 3,000 ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் வையுங்கள். மாதக் கடைசியில் டப்பாவில் 1,360 இருக்க வேண்டும், 1,640-க்கு வவுச்சர் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எப்போதும் 3,000. செலவான 1,640-ஐ மட்டும் செக் போட்டு எடுத்து டப்பாவை மறுபடி நிரப்புங்கள். யார் எப்போது வந்து எண்ணினாலும் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

அப்புறம், நம் நோட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிடுவது. மாதத் தொடக்கத்தில் வங்கியில் 1,12,400 இருந்தது. வசூல் 26,000 சேர்ந்தது. செக்கில் வாட்ச்மேனுக்கு 12,000, துப்புரவுக்கு 6,000, மின்கட்டணம் 2,850, டப்பாவுக்கு 1,640 போனது. நம் நோட்டின்படி இருப்பு 1,15,910. பாஸ்புக்கில் 1,22,292 காட்டுகிறது. இதைப் பார்த்துப் பதறி, எங்காவது ஒரு எண்ணைத் திருத்தி இரண்டையும் ஒன்றாக்குவதுதான் தவறு. காரணத்தைத் தேடினால் மூன்று கிடைக்கும். துப்புரவுப் பணியாளர் 6,000 செக்கை இன்னும் வங்கியில் போடவில்லை. யாரோ 500 ரூபாய் அனுப்பியிருக்கிறார், பெயர் தெரியாததால் ரசீது போடவில்லை. வங்கி செக் புத்தகத்துக்கு 118 ரூபாய் பிடித்திருக்கிறது. 500-ஐ ‘பெயர் தெரியாத வரவு’ என்றும் 118-ஐச் செலவு என்றும் நோட்டில் எழுதினால் இருப்பு 1,16,292 ஆகும். அதோடு இன்னும் போடப்படாத 6,000-ஐக் கூட்டினால் பாஸ்புக்கின் 1,22,292 வந்துவிடும். இந்த நான்கு வரியை மாதாமாதம் எழுதிவிட்டால் போதும். செக் மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது என்பதால், போடாத செக் எது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

எங்கள் கோயில் சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் முந்தைய மாத வரவு செலவும், இந்த ஒப்பீடும், பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தின் நகலும் அதில் ஒட்டப்படும். வெறும் வரவு செலவை மட்டும் ஒட்டுவது போதாது, ஏனென்றால் அது நாமே எழுதியது. பாஸ்புக் வங்கி எழுதியது. கட்டாதவர்கள் பெயரை நாங்கள் பலகையில் போடுவதில்லை. எத்தனை வீடு பாக்கி என்று மட்டும் எழுதுவோம். பெயரைப் போட்டபோது சண்டைதான் வந்தது, பணம் வரவில்லை. கோயில் நிதியும் சந்தாவும் இப்போது தனித்தனிக் கணக்கு. சம்பளத்துக்குக் குறைகிறது என்று கும்பாபிஷேகப் பணத்தில் கை வைக்க இடமில்லை. உறுப்பினர் சந்தாவுக்கு வரி இல்லை என்றாலும் வங்கி வைப்பின் வட்டிக்கு வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் ஒரு கிளப் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் வட்டியைக் கணக்கில் தனித் தலைப்பிலேயே காட்டுகிறோம்.

கடைசியாக, நிர்வாகம் மாறும் நாள். தேர்தல் முடிந்து மாலை போட்டதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கியில் பழைய மூவரின் கையெழுத்துதான் இன்னும் செல்லும். புதியவர்களை ஏற்றி, பழையவர்களை நீக்கும் தீர்மானத்தை அந்தப் பொதுக்கூட்டத்திலேயே நிறைவேற்றி, அதே வாரம் வங்கிக்குக் கொடுங்கள். மாற்றத்தைப் பதிவாளர் அலுவலகத்திலும் தாக்கல் செய்யுங்கள். இரண்டு தரப்பும் தாங்களே நிர்வாகிகள் என்று கடிதம் கொடுத்தால் வங்கி கணக்கையே நிறுத்தி வைத்துவிடும். பொறுப்பை ஒப்படைக்கும்போது பாஸ்புக், மிச்சமுள்ள செக்குகளின் எண்கள், பயன்படுத்தாத ரசீது புத்தகங்களின் எண்கள், டப்பாவில் உள்ள ரொக்கம், சிம், வைப்பு ரசீது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ரசீது புத்தகத்தின் எண்ணை மறக்காதீர்கள். நாங்கள் தேடிக் கிடைக்காத அந்த இரண்டு புத்தகங்களில் எவ்வளவு வசூலானது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.