புதிய வாடிக்கையாளர் உண்மையானவரா? வேலையைத் தொடங்கும் முன் சரிபார்க்கும் முறை

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் இணையதளம் தேடலில் கிடைத்தவுடனேயே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் விவரமான மோசடிக்காரர் புதிதாக ஒரு நிறுவனத்தை உருவாக்கிச் சிரமப்படுவதில்லை. நல்ல பெயருள்ள ஒன்றின் பெயரை எடுத்துக்கொள்கிறார். ஆகவே நிறுவனம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், நமக்கு எழுதுபவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்பதையும், இதற்கு முன் வேலை வாங்கியவர்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்தாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பிரிட்டன் நிறுவனம் ஒன்றின் மேலாளர் என்று சொல்லிக்கொள்பவர், 60 பக்கக் கையேட்டை மொழிபெயர்த்துத் தரும்படி மின்னஞ்சல் அனுப்புகிறார். நாம் சொன்ன கட்டணத்தைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்கிறார்.

படி 1: பதிவேட்டைப் பாருங்கள்

பல நாடுகளில் நிறுவனப் பதிவேட்டை இணையத்திலேயே தேடலாம். பிரிட்டனில் Companies House தளத்தில் இது இலவசம். நிறுவனம் தொடங்கிய நாள், பதிவு முகவரி, இயக்குநர்கள், தாக்கல் செய்த கணக்குகள் ஆகியவை அங்கே இருக்கும். நிலை என்ற இடத்தில் `Dissolved` என்றிருந்தால் அந்த நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. `Active proposal to strike off` என்றிருந்தால், பதிவேட்டிலிருந்து அதை நீக்கும் நடவடிக்கை தொடங்கியிருக்கிறது என்று பொருள். நம் எடுத்துக்காட்டில் பல ஆண்டுப் பதிவு, தவறாத கணக்குகள் என எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் இதே பக்கத்தை மோசடிக்காரரும் படித்திருக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது.

படி 2: எழுதியவர் அங்கே இருக்கிறாரா?

நான் மிகுந்த நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான். அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு, மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ளதை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். நிறுவனத்தின் தளம் `.co.uk` என முடிகிறது. நமக்கு வந்த அஞ்சலோ அதே பெயரின் நடுவே ஒரு சிறு கோடு சேர்த்து `.com` என்று முடிகிறது. `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` என்று எழுதி ஏமாற்றுவதும் உண்டு; சிறிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அந்த `.com` முகவரியை lookup.icann.org தளத்தில் இட்டால், அது பதிவான நாள் `Created` என்ற வரியில் வரும். நம் எடுத்துக்காட்டில் அது மூன்று வாரங்களுக்கு முந்தைய தேதி. பழைய நிறுவனம் புது முகவரி வாங்குவதும் நடக்கக்கூடியதே என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நிறுவனத்தின் அசல் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, இந்தப் பெயரில் ஒருவர் அங்கே பணியாற்றுகிறாரா, இப்படி ஒரு வேலை உண்டா என்று கேளுங்கள். அஞ்சலின் அடியில் தரப்பட்ட எண்ணை அழைப்பதில் பயனில்லை. அதை எடுப்பவரும் அவராகவே இருக்கலாம். அப்படி யாரும் இல்லை என்று அலுவலகம் சொன்னால், சோதனை அங்கேயே முடிந்தது.

படி 3: முன்பு வேலை செய்தவர்கள் எழுதியவை

அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் வரும் வாடிக்கையாளர் என்றால் சரிபார்ப்பது சற்று எளிது. நட்சத்திரங்களைவிட, மொத்தம் செலவழித்த தொகையையும் எத்தனை பேரை அமர்த்தினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மிகச் சிறிய வேலைகளில் வாங்கிய பல ஐந்து நட்சத்திரங்கள், பெரிய வேலைக்கு அவர் பணம் கொடுப்பார் என்பதற்குச் சான்றாகாது. மதிப்புரைகளில் “கடைசியில் வேலை கூடிக்கொண்டே போனது”, “பதில் வரத் தாமதமானது” என்ற பொருளில் வரும் வரிகள் பலரிடமிருந்து வந்திருந்தால், அவரை மோசடிக்காரர் என்று சொல்ல முடியாவிட்டாலும் பணம் கைக்கு வரத் தாமதமாகலாம்.

படி 4: பணம் எங்கே இருக்கிறது?

`Payment method verified` என்ற குறியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பணம் செலுத்தும் வழி ஒன்று சரிபார்க்கப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் வேலைக்கான தொகை ஒதுக்கப்பட்டதாக அது சொல்லவில்லை. நிலையான கட்டண வேலையில், முதல் கட்டத் தொகை, வேலை முடியும்வரை தளம் பிடித்துவைக்கும் எஸ்க்ரோவில் செலுத்தப்பட்டதை உங்கள் கணக்கில் பார்த்த பிறகே தொடங்குங்கள். தளத்துக்கு வெளியே வந்து பேசலாம், பணத்தை நேரடியாகத் தருகிறேன் என்பவரிடம் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

நேரடி வாடிக்கையாளர் பேசியதைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். வங்கிக் கணக்கில் பணம் வந்ததாகத் தெரிந்தாலும், காசோலை போலி என்று பின்னர் தெரியவந்தால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய மீதி போனது போனதுதான்.

எல்லாச் சோதனையிலும் தேறியும், பணம் கொடுத்த வரலாறே இல்லாத புதியவராக ஒருவர் இருக்கலாம். அவரை ஒதுக்க வேண்டியதில்லை. 60 பக்கங்களில் முதல் ஐந்தை மட்டும் தனி வேலையாகப் பேசி, அதற்கான தொகையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு முடித்துக் கொடுங்கள். அடுத்த பகுதியை அதற்குரிய பணம் வந்த பிறகு தொடங்கலாம்.