இரண்டு சர்க்கரை கொடுத்தால் பாக்டீரியா நடுவில் ஏன் நிற்கிறது? செய்து பார்க்கலாம்

மண்டபம் பக்கம் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் சோதனை இது. குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்து கொடுத்தால் ஈ.கோலை குளுக்கோஸை முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் வளராமல் நின்று, அப்புறம்தான் லாக்டோஸைத் தொடும். 1940களின் தொடக்கத்தில் பாரிஸில் ழாக் மொனோ இதைக் கவனித்து ‘டயாக்ஸி’ என்று பெயர் வைத்தார்.

தயார் செய்வது. ஈ.கோலை கே-12 எம்ஜி1655 போதும். சில ஆய்வக ரகங்களுக்கு லாக்டோஸை உடைக்கவே தெரியாது, கேட்டு வாங்குங்கள். வளர்ப்பு நீர்மமாக, உப்புகள் மட்டும் உள்ள எம்9 எடுங்கள். சத்து நிறைந்த எல்பி எடுத்தால் அதிலுள்ள அமினோ அமிலங்களைத் தின்று வளரும், நிறுத்தம் கண்ணுக்குப் படாது. சாயல்குடியிலிருந்து வந்த ஒரு மாணவி பனங்கற்கண்டைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அதில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், கே-12 அதைச் சாப்பிடாது.

இரண்டு குடுவைகளில் தலா 100 மி.லி. எம்9 ஊற்றுங்கள். முதல் குடுவையில் 40 மி.கி. குளுக்கோஸ், இரண்டாவதில் 80 மி.கி. இரண்டிலும் 60 மி.கி. லாக்டோஸ். சர்க்கரைக் கரைசல்களைத் தனியாக வடிகட்டிச் சேர்ப்பது நல்லது. குளுக்கோஸ் எம்9-இல் இரவெல்லாம் வளர்த்த பாக்டீரியாவை ஒவ்வொன்றிலும் 1 மி.லி. விட்டு, 37 டிகிரியில் குலுக்கியில் வையுங்கள்.

அளப்பது. பாக்டீரியா பெருகப் பெருக நீர்மம் கலங்கும். 600 நானோமீட்டர் ஒளியில் அந்தக் கலங்கலை அளந்து குறியுங்கள். முதலில் அரை மணிக்கு ஒருமுறை போதும். அளவு 0.3-ஐத் தாண்டியதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. மணிக்கு ஒருமுறை மட்டும் அளப்பவர்கள் நிறுத்தத்தைத் தவறவிடுவார்கள். முதல் குடுவையில் ஏறக்குறைய 0.5-இல் கோடு தட்டையாகும், அரை மணி நேரம்போல அப்படியே கிடந்து மறுபடி ஏறும்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் போனால் குலுக்கி நின்று, காற்று கிடைக்காமலும் வளர்ச்சி தேங்கும். அதற்குத்தான் இரண்டாவது குடுவை. அது சுமார் 1-இல், அதாவது இரட்டிப்பு உயரத்தில் நின்றால் காரணம் குளுக்கோஸ் தீர்ந்ததுதான். இரண்டும் ஒரே கடிகார நேரத்தில் நின்றிருந்தால் கரண்டைச் சந்தேகப்படுங்கள்.

ஏன் நிற்கிறது? லாக்டோஸ் உள்ளே வர ஒரு வாசல் புரதமும், உடைக்க பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியும் வேண்டும். குளுக்கோஸ் உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை, அதை ஏற்றும் அமைப்பின் ஒரு புரதம் லாக்டோஸ் வாசலைப் பிடித்து மூடி வைக்கிறது. லாக்டோஸ் வராததால், வாசலையும் நொதியையும் உருவாக்கும் மரபணுக்கள் மேல் உட்கார்ந்திருக்கும் அடக்கிப் புரதமும் நகராது. குளுக்கோஸ் தீர்ந்ததும் பிடி விடும். ஆனால் செல்லில் அப்போது வாசல்களும் நொதியும் மிகக் கொஞ்சம். அந்தச் சில வாசல்கள் வழியாக வரும் சிறிதளவு லாக்டோஸ் அல்லோலாக்டோஸ் என்ற சர்க்கரையாக மாறி அடக்கியை விலக்க, புதிய புரதங்கள் உருவாகின்றன. பசியில் இருக்கும் செல் அவற்றைக் கட்டி முடிக்க எடுக்கும் நேரம்தான் உங்கள் வரைபடத்தில் தெரியும் அந்தத் தட்டைக் கோடு.